கர்ப்பப்பை உட்சவ்வுப் புற்றுநோய்: உடற்கொழுப்போடு நெருக்கமான தொடர்பு ஏன்?

உலக சுகாதார நிறுவனத்தின் கீழ் பிரான்சின் லியோன் நகரில் இயங்கும் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை, 2016-ல் ஒரு நிபுணர் குழுவைக் கூட்டியது. உடற்கொழுப்பு கூடுவதற்கும் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பு பற்றி அதுவரை வந்த ஆய்வுகளை அந்தக் குழு பரிசீலித்து, 13 வகைப் புற்றுநோய்களுக்குப் போதுமான சான்று இருக்கிறது என்று அறிவித்தது. கர்ப்பப்பை உட்சவ்வு, மாதவிடாய் நின்ற பிறகு வரும் மார்பகப் புற்றுநோய், சூலகம், பெருங்குடலும் மலக்குடலும், கல்லீரல், பித்தப்பை, கணையம், சிறுநீரகம், தைராய்டு, உணவுக்குழாயின் அடிப்பகுதியில் வரும் சுரப்பிச் செல் வகை, இரைப்பையின் மேல்வாய், மூளை உறையில் வரும் மெனிஞ்சியோமா, எலும்பு மஜ்ஜையில் வரும் மல்டிபிள் மைலோமா ஆகியவை அவை.

சேலத்துப் புற்றுநோய் சிகிச்சைப் பிரிவுகளில் அடிக்கடி பார்க்கும் இரண்டு நோய்கள் இந்தப் பட்டியலில் இல்லை. வாய்ப் புற்றுநோய்க்குப் புகையிலையும் பாக்கும், கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கு எச்.பி.வி. வைரஸும் முதன்மைக் காரணங்கள். எனவே 'குண்டானால் கேன்சர் வரும்' என்று ஒரே வரியில் பேசுவது சரியல்ல. எந்த உறுப்பு, எந்த வயது, எந்த வகைச் செல் என்று கேட்ட பிறகே பதில் சொல்ல முடியும்.

பட்டியலில் உள்ள 13-லும் தொடர்பு ஒரே அளவில் இல்லை. எடை சரியாக உள்ளவர்களோடு ஒப்பிட்டால், உடல் பருமன் குறியீடு (பி.எம்.ஐ.) மிக அதிகமாக உள்ளவர்களுக்குப் பெருங்குடல் புற்றுநோய் ஆபத்து சுமார் 1.3 மடங்கு; சிறுநீரகம், கல்லீரல் இரண்டுக்கும் சுமார் 1.8 மடங்கு. கர்ப்பப்பை உட்சவ்வுக்கோ குறியீடு 25 முதல் 30 வரை 1.5 மடங்கு, 30 முதல் 35 வரை 2.5, 35 முதல் 40 வரை 4.5, 40-க்கு மேல் சுமார் 7 மடங்கு. படிப்படியாக ஏறும் இந்த வரிசையே ஒரு சான்று. கொழுப்பு கூடக் கூட ஆபத்தும் கூடுகிறது என்றால், இரண்டும் தற்செயலாகச் சேர்ந்து வரும் வாய்ப்பு குறைகிறது. கொழுப்பு எப்படி வேலை செய்கிறது என்பதும் இந்த உறுப்பில்தான் மிகத் தெளிவாகத் தெரிந்திருக்கிறது. ஆகவே இந்த ஒன்றை மட்டும் விரிவாகப் பார்ப்போம்.

மாதம்தோறும் நடப்பதிலிருந்து தொடங்க வேண்டும். மாதவிடாய்ச் சுழற்சியின் முதல் பாதியில் சூலகம் ஈஸ்ட்ரோஜனைச் சுரக்கிறது. அதன் ஏவலில் கர்ப்பப்பையின் உட்சவ்வு வளர்ந்து தடிக்கிறது. முட்டை வெளியான பிறகு புரோஜெஸ்டிரோன் சுரக்கிறது. இது வளர்ச்சியை நிறுத்தி, செல்களைப் பக்குவப்படுத்துகிறது. கரு தங்காவிட்டால் இரண்டு ஹார்மோன்களும் சரிந்து, தடித்த சவ்வு உதிர்ந்து ரத்தமாக வெளியேறுகிறது. வளர்வது, நிற்பது, உதிர்வது என்ற ஒழுங்கு இருக்கும்வரை, செல் பிரியும்போது டி.என்.ஏ.வில் நேர்ந்த பிழைகள் பலவும் அந்த ரத்தத்தோடு போய்விடுகின்றன.

மாதவிடாய் நின்ற பிறகு சூலகம் ஈஸ்ட்ரோஜன் சுரப்பதை ஏறக்குறைய நிறுத்திவிடுகிறது, புரோஜெஸ்டிரோனும் இல்லை. அப்போது உட்சவ்வு மெலிந்து அடங்கிக் கிடக்க வேண்டும். ஆனால் ஈஸ்ட்ரோஜனுக்கு இன்னொரு ஊற்று உண்டு. சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பி, ஆண்ட்ரோஜன் வகை ஹார்மோன்களைத் தொடர்ந்து சுரக்கிறது. கொழுப்புத் திசுவில் அரோமடேஸ் என்ற நொதி இருக்கிறது. அது அந்த ஆண்ட்ரோஜனை ஈஸ்ட்ரோன் என்ற ஈஸ்ட்ரோஜன் வகையாக மாற்றுகிறது. கொழுப்பு எவ்வளவு அதிகமோ, மாற்றமும் அவ்வளவு அதிகம். ஆக, சூலகம் ஓய்ந்த பின்னும் பருமனான பெண்ணின் உடலில் ஈஸ்ட்ரோஜன் ஊறிக்கொண்டே இருக்கிறது. எதிர்த்து நிற்கும் புரோஜெஸ்டிரோன் மட்டும் இல்லை. உட்சவ்வுக்கு 'வளர்' என்ற கட்டளை நாள்தோறும் வருகிறது. 'நில்' என்ற கட்டளை வருவதே இல்லை.

இதோடு இன்சுலினும் சேர்ந்துகொள்கிறது. வயிற்றுப் பகுதியில் கொழுப்பு சேர்ந்தவர்களின் தசையும் கல்லீரலும் இன்சுலினுக்கு மந்தமாகப் பதிலளிக்கின்றன. அதை ஈடுகட்டக் கணையம் கூடுதலாகச் சுரப்பதால் ரத்தத்தில் இன்சுலின் எப்போதும் உயர்ந்தே இருக்கிறது. இது இரண்டு விதமாகக் கெடுக்கிறது. பாலியல் ஹார்மோன்களைப் பிடித்து வைத்துக்கொள்ளும் ஒரு புரதத்தைக் கல்லீரல் உற்பத்தி செய்கிறது; இன்சுலின் கூடினால் அந்த உற்பத்தி குறையும். பிடித்து வைக்க ஆளில்லாத ஈஸ்ட்ரோஜன் தனித்துத் திரிந்து எளிதில் செல்லுக்குள் போகிறது. மேலும், இன்சுலினும் அதன் உறவுக்காரரான ஐ.ஜி.எஃப்.-1 என்ற வளர்ச்சிக் காரணியும் நேரடியாகவே உட்சவ்வுச் செல்களைப் பெருக்கமடையத் தூண்டுகின்றன. பருமன் இருந்து சர்க்கரை நோயும் உள்ளவருக்கு ஆபத்து இன்னும் கூடுவதற்கு இது முக்கியக் காரணம். ஈஸ்ட்ரோஜன், இன்சுலின் இரண்டையும் அடுத்து மூன்றாவதாக, கொழுப்புத் திசு பெருத்தால் அதற்குள் நோயெதிர்ப்புச் செல்கள் புகுந்து, தாழ்ந்த அளவில் ஓயாத அழற்சி நிலவுகிறது. அந்த அழற்சிப் பொருள்கள் அரோமடேஸின் வேலையை மேலும் முடுக்கிவிடுகின்றன.

எதிர்ப்பில்லாத ஈஸ்ட்ரோஜன்தான் காரணம் என்று எப்படி உறுதியாகச் சொல்கிறோம்? இதை வரலாறே சோதித்துக் காட்டிவிட்டது. மாதவிடாய் நிற்கும் காலத்துத் தொல்லைகளுக்காக அமெரிக்காவில் லட்சக்கணக்கான பெண்கள் ஈஸ்ட்ரோஜன் மாத்திரையை மட்டும் தனியாக எடுத்துவந்தார்கள். அவர்களுக்குக் கர்ப்பப்பை உட்சவ்வுப் புற்றுநோய் பல மடங்கு கூடியிருப்பதாக 1975-ல் ஆய்வுகள் வந்தன. பிறகு கர்ப்பப்பை உள்ளவர்களுக்கு ஈஸ்ட்ரோஜனோடு புரோஜெஸ்டிரோன் வகை மருந்தும் சேர்த்துக் கொடுக்கும் வழக்கம் வந்தது; கூடுதல் ஆபத்து பெருமளவு நீங்கியது. அந்த மாத்திரை செய்ததையே கொழுப்புத் திசு மெதுவாக, வருடக்கணக்கில் செய்கிறது.

மாதவிடாய் நிற்காத இளம்பெண்களுக்கும் இதே இயக்கம் பொருந்துகிற ஓர் இடம் உண்டு. பி.சி.ஓ.எஸ். என்று எல்லோருக்கும் பழகிப்போன சூலக நீர்க்கட்டிப் பிரச்சினையில் முட்டை ஒழுங்காக வெளியாவதில்லை. முட்டை வெளியாகாவிட்டால் புரோஜெஸ்டிரோன் இல்லை. தீட்டு மூன்று மாதம், ஐந்து மாதம் என்று தள்ளிப்போகிறது. 'வராமல் இருப்பது வசதிதானே' என்று இதை விட்டுவிடக் கூடாது. அந்த மாதங்கள் முழுக்கச் சவ்வு உதிராமல் வளர்ந்துகொண்டிருக்கிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது தீட்டு வரும்படி புரோஜெஸ்டிரோன் வகை மாத்திரையை மருத்துவர்கள் எழுதித் தருவது குழந்தைப்பேற்றுக்காக மட்டுமல்ல. இந்தச் சவ்வைக் காப்பதற்கும்தான்.

இனி, நடைமுறையில் இது எப்படி வந்து நிற்கும் என்று ஓர் உதாரணத்தைக் கற்பனை செய்து பார்ப்போம். சேலம் செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் வீட்டிலேயே கொலுசுப் பட்டறை நடத்தும் குடும்பம். 57 வயது அம்மா; காலையிலிருந்து இரவு வரை உட்கார்ந்தே செய்யும் வேலை. உயரம் 152 செ.மீ., எடை 78 கிலோ. உயரத்தை மீட்டராக்கி அதே எண்ணால் பெருக்கினால் 2.31, எடையை அதால் வகுத்தால் பி.எம்.ஐ. 33.8. ஆறு வருடமாகச் சுகர், பிரஷர் இரண்டுக்கும் மாத்திரை. தீட்டு நின்று ஐந்து வருடம் ஆகிறது. ஒருநாள் உள்ளாடையில் இளஞ்சிவப்பாக ஒரு கறை. பத்து நாள் கழித்து மறுபடியும் லேசாக. வலி இல்லை, காய்ச்சல் இல்லை. 'சூடு பிடிச்சிருக்கும்' என்று இளநீரும் வெந்தயமும் எடுத்துக்கொள்கிறார். மருமகளிடம் சொல்லவே இரண்டு மாதம் ஆகிறது.

அந்தக் கறைதான் இந்த நோயின் முதல் அறிகுறி. பெரும்பாலானவர்களுக்கு ஒரே அறிகுறியும் அதுவே. உட்சவ்வுப் புற்றுநோய் வந்த பெண்களில் சுமார் 90 விழுக்காட்டினருக்கு ரத்தக் கசிவு இருந்திருக்கிறது. ஆனால் மாதவிடாய் நின்ற பின் ரத்தம் கண்ட எல்லாருக்கும் புற்றுநோய் இல்லை. நூறு பேரில் சுமார் 9 பேருக்குத்தான் அது. மற்றவர்களுக்குச் சவ்வு மெலிந்து வறண்டது, சாதாரண சதை வளர்ச்சியான பாலிப் போன்றவை காரணமாக இருக்கும். பயந்து நடுங்க இதில் ஒன்றும் இல்லை. ஆனால் அந்த 9 பேரில் தாம் ஒருவரா என்பதைப் பரிசோதிக்காமல் தெரிந்துகொள்ள வழி இல்லை. ஒரு சொட்டாக இருந்தாலும், ஒரே ஒரு முறை வந்து நின்றுவிட்டாலும் போய்ப் பார்க்க வேண்டும்.

சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற இடத்தின் மகளிர் நோய்ப் பிரிவுக்குப் போனால், முதலில் பிறப்புறுப்பு வழியாக எடுக்கும் ஸ்கேன் செய்வார்கள். வயிற்றின் மேல் கருவியை வைத்து எடுப்பதைவிட இது தெளிவானது. பருமனான உடலில் வயிற்றுக் கொழுப்பு ஒலியலையை மங்கச் செய்துவிடும் என்பதால், இங்கே இந்த வேறுபாடு பெரிது. ஸ்கேனில் பார்ப்பது உட்சவ்வின் தடிமன். மாதவிடாய் நின்றவருக்கு அது 4 மில்லிமீட்டருக்குள் இருந்தால் புற்றுநோய் வாய்ப்பு 1 விழுக்காட்டுக்கும் குறைவு. நம் உதாரணத்தில் 11 மி.மீ. என்று வருகிறது.

அடுத்தது திசுப் பரிசோதனை. சுமார் 3 மி.மீ. தடிமனுள்ள, வளையக்கூடிய பிளாஸ்டிக் குழாயைக் கர்ப்பப்பை வாய் வழியாகச் செலுத்தி உறிஞ்சி எடுப்பார்கள். மயக்கமருந்து பெரும்பாலும் தேவைப்படாது. தீட்டு வலி போல ஒன்றிரண்டு நிமிடம் இழுத்துப் பிடிக்கும். திசு போதவில்லை என்று பதில் வந்தாலோ, கசிவு நிற்கவில்லை என்றாலோ, கர்ப்பப்பைக்குள் கேமரா விட்டுப் பார்த்து எடுக்க வேண்டும். 'திசு போதவில்லை' என்ற அறிக்கையை 'நோய் இல்லை' என்று படித்துவிட்டு வீட்டுக்குப் போவது ஆபத்தான தவறு.

இங்கே இன்னும் இரண்டு தவறுகள் அடிக்கடி நேர்கின்றன. ஒன்று, 'போன வருஷம்தான் கேன்சர் டெஸ்ட் எடுத்தேன், ஒன்றும் இல்லை என்றார்கள்' என்ற நிம்மதி. முகாம்களில் பெண்களுக்குச் செய்வது கர்ப்பப்பை வாய்க்கான பரிசோதனை. அது கர்ப்பப்பையின் வாயைப் பார்க்கிறது; உள்ளே உள்ள சவ்வைப் பார்ப்பதில்லை. உட்சவ்வுப் புற்றுநோயைக் கண்டுபிடிக்க அதை நம்ப முடியாது. மற்றது, ரத்தத்தை நிறுத்தும் மாத்திரை. மருந்துக் கடையில் கேட்டோ பழைய சீட்டைக் காட்டியோ புரோஜெஸ்டிரோன் வகை மாத்திரை வாங்கிப் போட்டால் கசிவு நின்றுவிடும். நோயாளியும் மருத்துவமனைக்கு வரமாட்டார். மாத்திரையை விட்டதும் மறுபடி கசியும். இப்படியே ஆறு மாதம் ஓடிவிடும். மாதவிடாய் நின்ற பின் வரும் ரத்தத்துக்குத் திசு எடுத்துப் பார்க்கும் முன் அந்த மாத்திரை கூடாது.

திசு அறிக்கையில் மூன்று விதமான பதில்கள் வரலாம். சவ்வு தடித்திருக்கிறது, ஆனால் செல்கள் இயல்பாகவே உள்ளன என்பது முதல் வகை. இது புற்றுநோயாக மாறுவது அரிது. புரோஜெஸ்டிரோன் வகை மருந்தைக் கொடுத்து, பல மாதம் கழித்து மறுபடி திசு எடுத்துப் பார்ப்பார்கள். கர்ப்பப்பைக்குள் வைக்கும், லெவோநார்ஜெஸ்ட்ரல் என்ற அதே வகை மருந்து கசியும் சாதனம் இதற்கு நல்ல வழி. வாயால் விழுங்கும் மருந்தைவிட நேராகச் சவ்வுக்கே போய்ச் சேர்கிறது. இரண்டாவது, செல்களின் தோற்றமே பிறழ்ந்திருக்கும் நிலை. இதில் கர்ப்பப்பையை எடுத்துப் பார்க்கும்போது பத்தில் மூன்று நான்கு பேருக்கு அருகிலேயே புற்றுநோயும் ஒளிந்திருக்கிறது. ஆகையால் குழந்தை பெறும் வயது கடந்தவர்களுக்குக் கர்ப்பப்பையை அகற்றிவிடச் சொல்வார்கள். மூன்றாவது, புற்றுநோயே. கர்ப்பப்பைக்குள் அடங்கிய நிலையில் பிடித்துவிட்டால், கர்ப்பப்பையும் சூலகங்களும் அகற்றப்பட்ட பிறகு ஐந்து வருடம் கடந்து வாழ்வோர் 90 விழுக்காட்டுக்கும் மேல்.

பருமனுள்ளவருக்கு வயிற்றைக் கிழித்துச் செய்யும் அறுவையில் காயம் சீழ்பிடிப்பது, தையல் பிரிவது அதிகம். எனவே துளைவழி அறுவையே பொருத்தமானது. அறுவைக்கு முன் சுகரைக் கட்டுக்குள் கொண்டுவர ஓரிரு வாரம் எடுத்துக்கொள்வதும் உண்டு. இதில் பலரும் கவனிக்காத ஒரு செய்தி இருக்கிறது: ஆரம்ப நிலையில் இந்த நோய் குணமான பெண்களின் மரணத்துக்குப் பின்னாளில் பெரும்பாலும் காரணமாவது திரும்பி வந்த புற்றுநோய் அல்ல, இதய நோய். கர்ப்பப்பை போய்விட்டது, ஆனால் புற்றுநோயை வளர்த்த இன்சுலினும் கொழுப்பும், கூடவே ரத்தக் கொதிப்பும் உடம்பிலேயேதான் இருக்கின்றன. அறுவைக்குப் பின் சுகர் மாத்திரையை நிறுத்திக்கொள்பவர்களைப் பார்க்கையில் மனம் பதறுகிறது.

மற்ற உறுப்புகளில் இதே கயிறுகள் வேறு வேறு விகிதத்தில் பின்னியிருக்கின்றன. மாதவிடாய் நின்ற பின் வரும் மார்பகப் புற்றுநோயிலும் கொழுப்பு ஊறவைக்கும் ஈஸ்ட்ரோஜன்தான் முக்கியம். ஆனால் மாதவிடாய் நிற்கும் முன் வருவதில் இந்தத் தொடர்பு காணப்படவில்லை. பருமனுள்ள இளம்பெண்களுக்கு ஆபத்து சற்றுக் குறைவு என்றே ஆய்வுகள் காட்டுகின்றன. பெருங்குடலில் இன்சுலினும் அழற்சியும் முன்னிற்கின்றன. கல்லீரலில் கொழுப்பு படிந்து, அழற்சியாகி, தழும்பேறி, அங்கிருந்து புற்றுநோய்க்குப் போகும் பாதை தனி. உணவுக்குழாயில் ஹார்மோனைவிட இயந்திர அழுத்தமே பெரிது: வயிற்றுக் கொழுப்பு இரைப்பையை அழுத்த, அமிலம் மேலேறி, உணவுக்குழாயின் கீழ்ப்பகுதிச் சவ்வையே மாற்றிவிடுகிறது. ஆனால் நம் பகுதியில் அதிகம் காண்பது உணவுக்குழாயின் தட்டைச் செல் வகை. அதற்கும் பருமனுக்கும் இந்தத் தொடர்பு இல்லை. புகையிலையும் மதுவுமே அங்கே பேசப்பட வேண்டியவை.

மடங்குக் கணக்கைப் படிக்கும்போது ஓர் எச்சரிக்கை. 7 மடங்கு என்பது அரிதான நோய்க்குச் சிறிய எண்ணிக்கையாகவும், 1.1 மடங்கு என்பது பரவலான நோய்க்குப் பெரிய எண்ணிக்கையாகவும் ஆகலாம். மார்பகப் புற்றுநோயில் மடங்கு குறைவு. ஆனால் அது வரும் பெண்களின் எண்ணிக்கை மிக அதிகம் என்பதால், பருமன் சேர்க்கும் கூடுதல் நோயாளிகளும் அங்கே நிறையப் பேர். பி.எம்.ஐ.க்கும் ஒரு குறை உண்டு. அது கொழுப்பையும் தசையையும் பிரித்துப் பார்க்காது. நம் உடல்வாகில் எடை பெரிதாகத் தெரியாமலேயே வயிற்றில் கொழுப்பு சேர்ந்துவிடும். அதனால்தான் இந்தியர்களுக்கு 23-ஐத் தாண்டினால் கூடுதல் எடை, 25-ஐத் தாண்டினால் பருமன் என்று எல்லையைத் தாழ்த்தி வைத்திருக்கிறார்கள். இடுப்புச் சுற்றளவு பெண்களுக்கு 80 செ.மீ., ஆண்களுக்கு 90 செ.மீ. தையல்கடை டேப் போதும்: கடைசி விலாவுக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவில், மூச்சை விட்ட நிலையில், வயிற்றை உள்ளிழுக்காமல் அளக்க வேண்டும்.

எடை குறைந்தால் ஆபத்து குறையுமா? மாதவிடாய் நின்ற அமெரிக்கப் பெண்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த ஒரு பெரிய ஆய்வில், திட்டமிட்டு உடல் எடையில் 5 விழுக்காடோ அதற்கு மேலோ குறைத்தவர்களுக்கு உட்சவ்வுப் புற்றுநோய் 29 விழுக்காடு குறைவாக வந்தது. நம் உதாரணத்து அம்மாவுக்கு 5 விழுக்காடு என்பது நாலு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. 2022-ல் வெளியான இன்னோர் ஆய்வு, எடை குறைப்பு அறுவை செய்துகொண்டவர்களையும் செய்துகொள்ளாதவர்களையும் ஒப்பிட்டது. பத்து ஆண்டில் பருமன் சார்ந்த புற்றுநோய்கள் முதல் குழுவில் 2.9 விழுக்காட்டினருக்கும், மற்றக் குழுவில் 4.9 விழுக்காட்டினருக்கும் வந்தன. இரண்டுமே மக்களைப் பின்தொடர்ந்து கவனித்த ஆய்வுகள். சீட்டுக் குலுக்கிப் பிரித்துச் செய்த சோதனைகள் அல்ல. எடை குறைப்பவர்கள் மற்ற விஷயங்களிலும் கவனமாக இருக்கக்கூடும் என்பதால் இந்த எண்களை அப்படியே பிடித்துக்கொள்ளக் கூடாது. ஆனால் இன்சுலினும் ஈஸ்ட்ரோனும் எடையோடு சேர்ந்தே இறங்குகின்றன என்பது ரத்தப் பரிசோதனையிலேயே தெரிவதால், திசை சந்தேகத்துக்கு இடமில்லாதது.

பருமன் இல்லாதவருக்கும் இந்த நோய் வரும். குடும்பத்தில் பெருங்குடல், கர்ப்பப்பைப் புற்றுநோய்கள் இளம்வயதிலேயே வந்திருந்தால் லிஞ்ச் என்ற மரபுக் கோளாறு இருக்கலாம். மார்பகப் புற்றுநோய்க்காக டாமாக்சிஃபென் மாத்திரை எடுப்பவருக்கும் ஆபத்து கூடுதல்; அது மார்பகத்தில் ஈஸ்ட்ரோஜனை எதிர்க்கிறது, கர்ப்பப்பையில் ஈஸ்ட்ரோஜன் போலவே நடந்துகொள்கிறது. இவர்கள் ஒல்லியாக இருப்பதை வைத்துக் கசிவைத் தள்ளிப்போடக் கூடாது.

ஏற்காட்டு எஸ்டேட் குடியிருப்பிலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளை இறங்கி வரும் பெண்ணுக்கு ஒரு நாள் கூலியும் பஸ் செலவும் போகிறது. ஸ்கேனுக்கு ஒருநாள், திசு எடுக்க ஒருநாள், அறிக்கைக்கு ஒருநாள் என்று அலைந்தால் இரண்டாம் முறையே வராமல் நின்றுவிடுவார். ஸ்கேனும் திசுப் பரிசோதனையும் ஒரே நாளில் முடியுமா என்று வந்ததும் கேட்டுவிடலாம். போகும்போது கடைசித் தீட்டு எந்த வருடம் நின்றது, கசிவு எந்தெந்தத் தேதிகளில் வந்தது, இதற்காக ஏதாவது மாத்திரை போட்டாயிற்றா என்பதை ஒரு தாளில் எழுதி எடுத்துப் போக வேண்டும். சுகர், பிரஷர் மாத்திரை அட்டைகளும் கையில் இருக்கட்டும். ரத்தத்தை இளக்கும் மாத்திரை எடுப்பவர்கள் அதைத் தாங்களாக நிறுத்தாமல், திசு எடுக்கும் முன் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். திரும்பும் முன், திசு அறிக்கை எந்த நாளில் வரும், அதை யார் வந்து வாங்கலாம் என்று கேட்டு அதே தாளில் குறித்துக்கொள்ள வேண்டும்.